பில் தேதியை அப்படியே எழுதாதீர்கள்: சொத்துப் பதிவேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு எக்செல் ஷீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கம்பெனி அந்த ஆண்டு வாங்கிய இயந்திரங்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றின் பில்களையும் பார்த்துச் சொத்துப் பதிவேடு தயாரித்திருந்தாள். கூட்டல் சரி, சப்ளையர் பெயர்கள் சரி, பில் எண்களில் ஒரு பிழை இல்லை. ஆனால் தேதிக்கென்று அதில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. "தேய்மானத்தை எந்தத் தேதியிலிருந்து போட்டாய்?" என்று கேட்டேன். "பில்லில் இருக்கிற தேதிதான் அக்கா, வேறு எந்தத் தேதி?" என்றாள்.

நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். அதற்குக் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். எண்ணை மாற்றி அடிப்பது, ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றுவது மாதிரியான சறுக்கல்களை எவரும் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

புரோஃபார்மா இன்வாய்ஸ்

அது சப்ளையர் விற்பதற்கு முன்னால் அனுப்பும் விலை விவரம்தான், பில் இல்லை. ஏற்றாதீர்கள்.

ஒரு சொத்துக்கு ஒரு தேதி போதும் என்று நினைப்பது

கோயம்புத்தூர் பக்கம் பம்ப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனி. 2019-20இல் ஒரு சிஎன்சி லேத் வாங்கினார்கள். பில் தேதி 2019 செப்டம்பர் 12. லாரி வந்து இறக்கியது செப்டம்பர் 22. அதற்கப்புறம் அடித்தளம் போட்டார்கள், கான்கிரீட் இறுகக் காத்திருந்தார்கள். கூடுதல் மின் லோடு கிடைத்ததே அக்டோபர் 16ஆம் தேதிதான். சப்ளையரின் ஆள் வந்து ஓட்டிப் பார்த்து, கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிப் போனது அக்டோபர் 18. அன்று மாலையே முதல் ஜாப் ஓடியது.

பதிவேட்டை எழுதியவள் நான். என் முன்னால் இருந்தது பில் மட்டும்தான். செப்டம்பர் 12 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

வருமான வரியில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சொத்தை வாங்கிய ஆண்டில் அது 180 நாளுக்குக் குறைவாகத்தான் பயன்பாட்டில் இருந்தது என்றால், அந்த ஆண்டுக்குத் தேய்மானம் பாதி விகிதத்தில்தான் கிடைக்கும். இந்த நாட்களைப் பில் தேதியிலிருந்து எண்ணுவதில்லை; பயன்பாட்டுக்கு வந்த தேதியிலிருந்து மார்ச் 31 வரை எண்ண வேண்டும். செப்டம்பர் 12 முதல் எண்ணினால் 202 நாள், முழு விகிதம். அக்டோபர் 18 முதல் எண்ணினால் 166 நாள், பாதி விகிதம்.

இயந்திரத்தின் அடக்கம் 25,00,000 ரூபாய். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். 15 சதவீதம் என்றால் தேய்மானம் 3,75,000. பாதி என்றால் 1,87,500. நான் முழுசாகப் போட்டேன், ரிட்டர்னும் அப்படியே போனது. பின்னால் ஸ்க்ரூட்டினி வந்தபோது கேட்ட முதல் காகிதமே இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட். அதில் அக்டோபர் 18 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 1,87,500 ரூபாயை வெட்டினார்கள். அந்தக் கம்பெனி கட்டிய விகிதத்தில், செர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து, சுமார் 47,000 ரூபாய் கூடுதல் வரி. அதற்கு மேல் வட்டி.

அந்தத் தேய்மானம் ஒரேயடியாகப் போய்விடவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். வெட்டிய தொகை அடுத்த ஆண்டின் எழுதிக் குறைத்த மதிப்பில் கூடுதலாக நிற்கும், அதற்கு அப்போது 15 சதவீதம் கிடைக்கும். ஆனால் அந்த 15 சதவீதம் 28,125 ரூபாய்தான். மீதி பல ஆண்டுகளுக்குச் சொட்டுச் சொட்டாக வரும். வட்டியோ கட்டினது கட்டினதுதான். என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது அந்தப் பணம் கூட இல்லை. கமிஷனிங் ரிப்போர்ட் அதே ஃபைலில், பில்லுக்குப் பின்னாலேயே குத்தியிருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இப்போது என் பதிவேட்டில் நான்கு தேதிப் பத்திகள். பில் தேதி, சரக்கு வந்து சேர்ந்த தேதி, ஓடத் தயாரான தேதி, நிஜமாக ஓட ஆரம்பித்த தேதி. பில்லைப் பார்த்து நிரப்ப முடிவது முதல் பத்தியை மட்டும்தான். இரண்டாவதை ஸ்டோர்ஸ் சரக்கு வரவுச் சீட்டிலிருந்து எடுக்கலாம். மூன்றாவது கமிஷனிங் ரிப்போர்ட்டில் இருக்கும். நான்காவதுக்கு உற்பத்தி லாக் புத்தகத்தின் முதல் வரியைப் பார்க்க வேண்டும். காகிதம் கைக்கு வரவில்லை என்றால் பத்தியைக் காலியாக விடுங்கள். பில் தேதியை அதில் நகல் எடுத்துப் போட்டால், பார்த்து எழுதியது எது, ஊகித்து எழுதியது எது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

கடைசி இரண்டு தேதிகளும் பல நேரம் ஒன்றாகவே வரும், ஆனால் எப்போதும் இல்லை. கம்பெனிச் சட்டக் கணக்கில் தேய்மானம் தொடங்குவது இயந்திரம் ஓடத் தயாரான நாளில். ஆர்டர் வராமல் ஒரு மாதம் சும்மா நின்றாலும் அந்தக் கணக்கில் தேய்மானம் ஓடிக்கொண்டிருக்கும். வருமான வரியில் கேள்வி பயன்பாட்டுக்கு வந்ததா என்பது. இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் ஆடிட்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நாட்களை எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. எக்செலில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் முதல் நாள் விட்டுப்போகும். லேத் ஓட ஆரம்பித்த தேதி H2 கட்டத்தில் இருந்தால், அந்தக் கணக்குக்குச் சரியான சூத்திரம் இது:

```
=DATE(2020,3,31)-H2+1
```

அந்த `+1` அற்பமாகத் தோன்றும். சாதாரண ஆண்டில் அக்டோபர் 3 அன்று ஓடத் தொடங்கிய இயந்திரத்துக்குச் சரியாக 180 நாள் வரும், முழு விகிதம் கிடைக்கும். `+1` விட்டால் 179, பாதி போச்சு. லீப் ஆண்டின் பிப்ரவரி உள்ளே வந்தால் அந்த எல்லை அக்டோபர் 4. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் தேதி விழும் வரிகளை மட்டும் நான் கையால் ஒரு முறை எண்ணிப் பார்ப்பேன்.

இன்னொன்று, எக்செல் தேதியைப் புரட்டிப் போடுவது. கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 12/09/2019 என்று அடித்ததை டிசம்பர் 9 என்று எடுத்துக்கொள்ளும், சத்தமே போடாது. 22/09/2019 என்று அடித்தால் 22ஆவது மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். எழுத்து இடது பக்கம் ஒட்டி நிற்கும், தேதி வலது பக்கம் நிற்கும். ஒரே பத்தியில் சில இடதும் சில வலதுமாக நின்றால், வலது பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

15ஐயும் 15ஐயும் குழப்புவது

இது ஒரு தற்செயல், ஆனால் புதியவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. பொது இயந்திரங்களுக்கு வருமான வரியில் தேய்மான விகிதம் 15 சதவீதம். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அதே இயந்திரத்தின் பயன்பாட்டு ஆயுள் 15 ஆண்டு. பத்தித் தலைப்பு தெளிவாக இல்லாவிட்டால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதிவிடுவார்கள். எண் ஒன்றாக இருப்பதால் சரிபார்ப்பவர் கண்ணிலும் படாது.

இரண்டும் வேறு கணக்கு. 15 ஆண்டு ஆயுள், 5 சதவீதம் எச்ச மதிப்பு என்று வைத்து நேர்கோட்டு முறையில் போட்டால் நம் லேத்துக்கு ஓர் ஆண்டுத் தேய்மானம் 23,75,000ஐ 15ஆல் வகுத்தது, அதாவது 1,58,333. முதல் ஆண்டில் 366இல் 166 நாளுக்கு மட்டும் என்பதால் சுமார் 71,800. அதே ஆயுளைக் குறைந்துசெல் மதிப்பு முறையில் போட்டால் விகிதம் 18.10 சதவீதமாகும், 15 ஆகாது. வருமான வரியிலோ எச்ச மதிப்பு என்ற பேச்சே இல்லை, நாள் விகிதமும் இல்லை. முழுசு அல்லது பாதி.

அதனால் 'தேய்மானம்' என்று ஒரே பத்தி வைக்காதீர்கள். கம்பெனிச் சட்டத்துக்கு ஆயுள், எச்ச மதிப்பு, முறை என்று மூன்று பத்தி. வருமான வரிக்கு எந்தத் தொகுதி, என்ன விகிதம் என்று இரண்டு.

பில்லின் கடைசி வரித் தொகையை அடக்கமாக எழுதுவது

அந்த லேத் பில்லின் அடியில் இருந்த தொகை 28,61,500. பதிவேட்டில் போனது 25,00,000. பில்லில் இயந்திரம் 24,00,000, ஆபரேட்டர் பயிற்சிக் கட்டணம் 25,000, இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி 4,36,500. ஜிஎஸ்டிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துவிட்டார்கள், அதனால் அது அடக்கத்தில் சேராது. வரியையும் அடக்கத்தில் சேர்த்து அதன் மேல் தேய்மானம் கேட்டால், சட்டப்படி அந்த வரவே கிடையாது. பயிற்சிக் கட்டணம் செலவுக் கணக்குக்குப் போகும். ஆக, பில்லிலிருந்து எடுத்தது 24,00,000 மட்டும்.

மீதி ஒரு லட்சம் அந்தப் பில்லிலேயே இல்லை. லாரி வாடகை 36,000 டிரான்ஸ்போர்ட்காரர் பில்லில் இருந்தது. அடித்தளச் செலவு 64,000 உள்ளூர்க் கொத்தனார் பில்லில் இருந்தது. அதை யாரோ கட்டட ரிப்பேர் கணக்கில் தூக்கிப் போட்டிருந்தார்கள். இயந்திரம் வந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மாதம் ரிப்பேர், சரக்குக் கூலி லெட்ஜர்களைப் புரட்டினால் இப்படிப்பட்ட பில்கள் கண்டிப்பாகக் கிடைக்கும்.

கார் வாங்கினால் கதை வேறு. கம்பெனி உபயோகத்துக்கான சாதாரணக் காருக்கு உள்ளீட்டு வரவு கிடைக்காது. அங்கே ஜிஎஸ்டியும் அடக்கத்தில் சேரும்.

கொத்தனாருக்கு ரொக்கமாகக் கொடுத்தது

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை அடக்கத்தில் சேராது. பணம் கொடுத்த விதத்துக்கும் ஒரு பத்தி வையுங்கள்.

ஒரு பில், ஒரு வரி

டெஸ்க்டாப் எட்டு, சர்வர் ஒன்று, மூன்று வருட ஏஎம்சி, எல்லாம் ஒரே பில்லில் வரும். 'கம்ப்யூட்டர், 1 செட்' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். டெஸ்க்டாப்புக்கு ஆயுள் 3 ஆண்டு, சர்வருக்கு 6. ஏஎம்சி சொத்தே இல்லை, முன்கூட்டிச் செலுத்திய செலவு. பில்லில் பொதுவாகப் போட்ட டெலிவரி கட்டணத்தை விலை விகிதத்தில் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வரி எழுதுங்கள். எட்டு டெஸ்க்டாப்புக்கு எட்டு வரி. சலிப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது வருடம் அதில் இரண்டை மட்டும் பழைய பொருளாக விற்கும்போது எந்த அடக்கத்தைக் கழிப்பது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.

சீரியல் எண்

பில்லில் இல்லாவிட்டால் இயந்திரத்தின் பெயர்த் தகட்டிலிருந்து எடுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்.