புகை போக வழி வைத்தாயிற்று, காற்று வர வழி எங்கே?

ராமநாதபுரம் கடற்கரையோரம் புதிதாகக் கட்டும் வீடுகளில், சமையலறையில் கேஸ் இருந்தாலும் பின்பக்கம் ஒரு விறகடுப்பு மேடை வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சீமைக்கருவேல விறகு பக்கத்திலேயே கிடைக்கிறது, விசேஷ நாளில் பெரிய பாத்திரம் ஏற்ற வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். அடுப்புக்கு மேலே கூண்டு கட்டி, அதிலிருந்து ஆறு அங்குலக் குழாயை மாடி வழியாக வெளியே விடுவார்கள். ஆனால் பல வீடுகளில் அந்தக் குழாய் சில நாள் நன்றாக இழுக்கும், சில நாள் புகையை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். உடனே கொத்தனார் மேல்தான் பழி. பெரும்பாலும் கோளாறு குழாயில் இருக்காது.

சூடான காற்று தானாக மேலே போகும், போகிற போக்கில் கீழே இருக்கும் காற்றை இழுத்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. உண்மையில் நடப்பது எடைப் போட்டி. சூடான காற்று விரிந்து லேசாகிறது. குழாய்க்குள் நிற்கும் சூடான காற்றுத் தூண் ஒரு தட்டிலும், வெளியே அதே உயரத்துக்கு நிற்கும் குளிர்ந்த காற்றுத் தூண் மறு தட்டிலும் இருக்கும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான வெளிக்காற்று கீழ் வழியாக அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, லேசான காற்றை மேலே ஏற்றிவிடுகிறது. வெளிக்காற்று உள்ளே வர வழி இல்லை என்றால் இந்தத் தராசு வேலையே செய்யாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய் உயரம் 4 மீட்டர். வெளியே 32 டிகிரி, குழாய்க்குள் சராசரியாக 120 டிகிரி. அந்த வெளிக்காற்று ஒரு கன மீட்டர் 1.16 கிலோ இருக்கும், குழாய்க் காற்று 0.90 கிலோ. இந்த வித்தியாசத்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 10 பாஸ்கல், அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். அவ்வளவுதான். புகைபோக்கிக்கு இருக்கும் மொத்த பலமும் இதுவே. இதைவிடப் பெரிய எதுவும் எதிரே வந்தால் அதுதான் ஜெயிக்கும்.

எதிரே வருவதில் முதலாவது, நாமே மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன். புகை வருகிறதே என்று அடுப்பறைச் சுவரில் ஒரு ஃபேன் மாட்டுகிறோம். உப்புக்காற்றும் மணலும் வருகிறது என்று ஜன்னலை அடைத்துவிடுகிறோம். ஆறு அங்குலக் குழாயில் காற்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போனால், மணிக்கு ஏறக்குறைய 130 கன மீட்டர் வெளியேறும். சாதாரண ஒன்பது அங்குல ஃபேன் அதைப் போலப் பல மடங்கு தள்ளக்கூடியது. அவ்வளவு காற்றும் எங்கிருந்தோ உள்ளே வந்தாக வேண்டும். கதவும் ஜன்னலும் அடைத்திருந்தால் மிச்சம் இருக்கும் ஒரே பெரிய ஓட்டை புகைபோக்கிதான். அது தலைகீழாக ஓடும், புகை அறைக்குள் இறங்கும். 'ஃபேன் போட்டால் புகை கூடுகிறது' என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

இதைச் சோதிப்பது சுலபம். அடுப்பு எரியும்போது கூண்டின் விளிம்பில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்தால் இழுவை இருக்கிறது. அறைப்பக்கம் சாய்ந்தால் இல்லை. இப்போது ஃபேனை நிறுத்தி, ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்துவிடுங்கள். பத்திப் புகை திசை மாறினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, குழாயை இடிக்கத் தேவையில்லை.

ஆனால் எந்த ஜன்னல்? கடற்கரையில் இதுதான் பெரிய விஷயம். வினாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று சுவரில் மோதினாலே சுமார் 14 பாஸ்கல் வரை அழுத்தம் வரும். இந்தப் பக்கத்துக்கு அது பலத்த காற்றே இல்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அந்த வேகத்தின் அழுத்தம் கணக்குப்படி 150 பாஸ்கல். நம் குழாயின் 10 எங்கே, இது எங்கே? காற்று மோதும் பக்கத்தில் தள்ளும், மறுபக்கத்தில் உறிஞ்சும். மறுபக்க ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால், அறைக் காற்றை அது வெளியே இழுத்து, புகையைக் குழாய் வழியாகக் கீழே கொண்டுவரும். ஆகவே கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்மேற்குப் பக்கமும், வாடை அடிக்கும் மாதங்களில் வடகிழக்குப் பக்கமும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். அடுப்பறைக்கு இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால் பருவத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரே பக்கம்தான் என்றால் வருடத்தில் பாதி நாள் தொல்லைதான்.

இதே காரணத்தால் குழாயின் வாய் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இருக்கக் கூடாது. சுவரைத் தாண்டி விழும் காற்று சுழன்று வாயிலேயே இறங்கும். அமெரிக்காவில் ஒரு விதி சொல்வார்கள்: கூரையைத் துளைக்கும் இடத்துக்கு 3 அடி மேலே, 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி மேலே. நமக்கும் அது போதும். மழைக்கு மாட்டும் தொப்பியை வாயோடு ஒட்டி வைப்பதும் கூடாது. ஆறு அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல இடைவெளியாவது வேண்டும்.

இழுக்கவில்லை என்றதும் குழாயை இரண்டு மடங்கு உயர்த்துபவர்களும் உண்டு. அழுத்தம் இரட்டிக்கும், ஆனால் வேகம் 1.4 மடங்குதான் கூடும். நீண்ட குழாயில் புகை ஆறிப்போவதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. அந்தப் பணத்தில் துருப்பிடித்த தகரக் குழாயை மாற்றலாம். உப்புக்காற்று தகரத்தில் ஓட்டை போட்டால், அதன் வழியாகக் குளிர்ந்த காற்று புகுந்து உள்ளே இருக்கும் சூட்டைக் குறைத்துவிடும். காலையில் முதல் அடுப்பு புகைவதற்குக் காரணம் வேறு. குழாய் இன்னும் சூடாகவில்லை. காய்ந்த பனையோலையை முதலில் கொளுத்தி, குழாய் சூடேறிய பிறகு பெரிய விறகைத் தள்ளுங்கள்.

அடுப்பில்லாத காற்றுக் கூண்டுகளில் எதிர்பார்ப்பையே குறைத்துக்கொள்ள வேண்டும். மாடிப்படி அறை, குளியலறை ஜன்னல்கள் திறக்கும் டக்ட் எல்லாம் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் உள்ளே 34, வெளியே 32 டிகிரி என்றால், 9 மீட்டர் உயரக் கூண்டுக்குக் கிடைப்பது ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. மத்தியானம் கனத்த சுவருள்ள வீட்டின் உட்பக்கம் வெளியைவிடக் குளிர்ந்திருந்தால் திசையே திரும்பிவிடும்: குளிர்ந்த காற்று கீழ்வாசல் வழியாக வெளியே வழிய, கூண்டின் வழியாக மேலிருந்து வெக்கை இறங்கும். அந்த நேரத்தில் மேல் திறப்பை மூடி, சாயங்காலம் வெளியே குளிர்ந்ததும் திறப்பதுதான் சரி. டக்டின் அடியைக் குப்பை, பழைய சாமான் போட்டு அடைத்துவிட்டு மேலே காற்று போகவில்லை என்பவர்களுக்கு முதல் கணக்கையே திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். தீ அணைந்து தணல் மட்டும் கிடக்கும்போது புகை கண்ணுக்குத் தெரியாது. குழாய் ஆற ஆற இழுவையும் குறையும். ஆனால் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு வாசனை கிடையாது. சமையல் முடிந்தது என்று ஜன்னலை அடைத்து ஃபேனைப் போட்டுவிட்டு, அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள். தணல் முழுதும் சாம்பலாகும்வரை, அல்லது தண்ணீர் தெளித்து அணைத்து வெளியே கொட்டும்வரை, காற்று வரும் பக்கத்து ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.