ஷெட்யூலில் ஒன்று, விலக்கில் வேறொன்று: கிடங்குத் தீ பாலிசியில் கண்ணில் படாமல் போகும் தவறுகள்

பாலிசி கைக்கு வந்ததும் எல்லோரும் பார்ப்பது மூன்றைத்தான். பெயர் சரியா, தொகை சரியா, தேதி சரியா. மூன்றும் சரியாக இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஈரோட்டில் ஒரு இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் பாலிசிகளைச் சரிபார்க்கும் வேலையில் 18 வருடம் இருந்திருக்கிறேன். க்ளைமில் தகராறு வந்த பாலிசிகள் பெரும்பாலும் இந்த மூன்றும் சரியாக இருந்தவைதான். தப்பு வேறு இடத்தில் இருந்தது. எதற்கு எவ்வளவு காப்பீடு என்று பட்டியலிடும் முதல் பக்கத்து ஷெட்யூலில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர், எவை காப்பீட்டில் சேராது என்று உள்ளே சொல்லும் விலக்குகளில் அதே பொருளுக்கு இன்னொரு பெயர்.

ஒரு பாலிசியைக் கூடவே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். துணி மடித்து, பேல் கட்டிக் கொடுக்கும் சின்ன யூனிட் அது. முதலாளி சொந்தமாகவும் துணி வாங்கி விற்பார், ஊரில் மற்றவர்கள் கொடுக்கும் காடா துணியையும் ஜாப் ஒர்க்காக வாங்கி வேலை முடித்துத் திருப்பிக் கொடுப்பார். விண்ணப்பப் படிவத்தில் அவர் தெளிவாகவே எழுதியிருந்தார்: சொந்தத் துணி 25 லட்சம், ஜாப் ஒர்க் துணி 35 லட்சம். பாலிசி வந்தபோது ஷெட்யூலில் ஒரே வரி: "துணி இருப்பு, ரூ.60,00,000". கூட்டிப் பார்த்தால் கணக்கு சரி. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

நான் செய்யும் முதல் வேலை, ஷெட்யூலில் பணம் போட்டிருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் எழுதுவது. துணி இருப்பு, இயந்திரம், கட்டடம், முகவரியில் உள்ள தளங்கள். அப்புறம் பாலிசி வாசகத்தில் அந்தப் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடி, வலது பக்கம் பக்க எண்ணோடு குறிக்க வேண்டும். விளக்கப் பகுதியில் இருக்கிறதா, விலக்கில் இருக்கிறதா, நிபந்தனையில் இருக்கிறதா? மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போனால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால்தான் ஓட்டை தெரியும்.

இந்தப் பாலிசியில் "துணி இருப்பு" என்ற சொல் ஷெட்யூலைத் தாண்டி ஒரு இடத்திலும் இல்லை. உள்ளே இருந்தது "காப்பீடு செய்தவரின் சரக்கு". விலக்குகளில் இருந்தது "பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு". முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்க, துணின்னா எல்லாத் துணியுந்தானுங்களே? என் கிடங்குக்குள்ள இருக்கறது என் பொறுப்புத்தானுங்க." அவர் சொல்வது வியாபார நியாயம். ஆனால் தீப்பிடித்து, நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து நின்றால், அவர் கையில் இருக்கும் காகிதம் வேறு மாதிரி பேசும். பில்லும் டெலிவரி சலானும் கேட்பார். 35 லட்சம் துணிக்குச் சலானில் அடுத்தவர் பெயர் இருக்கும். அந்தச் சரக்கைத் தனியாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டால், விண்ணப்பத்தில் இருக்கிறது, பாலிசியில் இல்லை என்பதுதான் பதில்.

இங்கேதான் நிறுத்தற்குறி வருகிறது. அந்த விலக்கு ஆங்கிலத்தில் இருந்தது. வரிசையை மாற்றாமல் தமிழில் போட்டால் இப்படி இருக்கும்: "பாலிசியில் சேராதவை: பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு, கமிஷனுக்கு வைத்திருக்கும் சரக்கு, வாடகைக்கு எடுத்த இயந்திரம் பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய." கடைசியில் வரும் "குறிப்பிட்டால் ஒழிய" என்பது எதைச் சேர்ந்தது? "இயந்திரம்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமா இருந்தால், அந்தச் சலுகை மூன்றுக்கும் பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. கமா இல்லாவிட்டால், அது வாடகை இயந்திரத்துக்கு மட்டும்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அப்படிப் படித்தால், ஜாப் ஒர்க் துணியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்கூடப் பிரயோஜனமில்லை. நான் பார்த்த பிரதியில் கமா இல்லை. அதே நிறுவனத்தின் முந்தைய வருடப் பாலிசியில் அதே வாக்கியத்தில் கமா இருந்தது. தட்டச்சில் விழுந்துபோயிருக்க வேண்டும்.

கமாவை வைத்து வழக்கு நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கம்பம் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு கமாவுக்காகச் சண்டை போட்டன. 2006-ல் அங்கிருந்த ஒழுங்குமுறை ஆணையம் கமாவின் இடத்தைப் பார்த்து ஒரு பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2007-ல், அதே ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்து அதை மாற்றியது. அது இன்சூரன்ஸ் வழக்கு அல்ல, ஆனால் வாக்கியத்தின் சிக்கல் இதேதான். நம் பாலிசிகளுக்குச் சரிபார்க்க இரண்டாம் மொழி வடிவம் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் கமா சண்டையில் இறங்காமல், வாக்கியத்தையே மாற்றிக் கேட்பதுதான் நல்லது.

கமாவைப் பார்க்கும்போதே தொகையின் கமாவையும் பார்த்துவிடுங்கள். 35,00,000 என்பது 3,50,000 ஆக அச்சாகியிருந்தால், எழுத்தால் எழுதிய தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடி ஒப்பிட்டால் போதும்.

சரி, விளக்கமே இல்லாத சொற்கள். பல தீ பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆள் புழங்காமல் கிடந்தால், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் காப்பீடு நிற்காது. ஆள் புழங்காமல் என்றால் என்ன? ஆர்டர் இல்லாமல் இரண்டு மாதம் யூனிட்டை மூடி வைக்கிறார்கள். இயந்திரம் ஓடவில்லை, ஆனால் வாட்ச்மேன் ராத்திரி அங்கேதான் படுக்கிறார். பேல்கள் உள்ளேதான் இருக்கின்றன. இது புழக்கமா, இல்லையா? அந்தப் பாலிசியில் விளக்கம் எதுவும் இல்லை. இந்த மாதிரிச் சொல்லைப் பார்த்தால் "வாட்ச்மேன் இருந்தால் புழக்கத்தில் உள்ளதாகக் கொள்ளலாமா" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பாலிசியோடு வையுங்கள். யூனிட்டை மூடும்போது தேதி போட்டு இன்னொரு கடிதமும் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. விளக்கம் கொடுத்திருக்கும் சொல்லுக்கு நாம் வழக்கத்தில் பேசும் பொருளை ஏற்றிக்கொள்வது. திருட்டு பாலிசிகளில் "பர்க்லரி" என்ற சொல்லுக்கு, பலத்தைப் பயன்படுத்தி உள்ளே புகுந்து திருடுவது என்று விளக்கம் இருக்கும். ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வியாபாரிக்கும் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பாலிசி கேட்பது பலவந்தமான நுழைவு என்றால், வெறும் திருட்டுக்குப் பணம் கிடைக்காது. வேலைக்காரர் சாவி போட்டுத் திறந்து எடுத்துப் போனால், ஊர் வழக்கில் திருட்டு, பாலிசி வழக்கில் இல்லை. வாசகத்தில் இரண்டு பொருள் வந்தால் அதை எழுதியவருக்கு எதிராகப் படிப்பார்கள் என்ற கோட்பாடு உண்மைதான். ஆனால் விளக்கம் தெளிவாக இருக்கும் இடத்தில் அந்தக் கோட்பாட்டுக்கு வேலை இல்லை.

ஷெட்யூலும் விலக்கும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2012-ல் ஒரு கடைக்குத் தீ பாலிசி எடுத்தார்கள். அந்தக் கடை இருந்ததே கட்டடத்தின் அடித்தளத்தில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில். நிறுவனத்தின் ஆட்கள் வந்து இடத்தைப் பார்த்தும் இருக்கிறார்கள். ஆனால் பாலிசியின் உள்ளே, அடித்தளத்தில் உள்ளவை சேராது என்று ஒரு விலக்கு. தீப்பிடித்ததும் அந்த விலக்கைக் காட்டி டாடா ஏஐஜி நிறுவனம் மறுத்தது. ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்கும் விலக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. அது வந்தது 2022 நவம்பரில். ஜெயித்தும் பத்து வருடம் போய்விட்டது. ஷெட்யூலில் முகவரிக்கு எதிரே எழுதியிருக்கும் தளத்தை விலக்குப் பக்கத்தில் ஒரு தடவை தேடியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஆகவே முகவரி வரியைத் தபால்காரருக்கு எழுதியது போல எண்ணி விட்டுவிடாதீர்கள். அடித்தளம், மொட்டை மாடிக் கொட்டகை, பின்புற ஷெட், திறந்த முற்றம், ஒவ்வொன்றும் விலக்கில் தேட வேண்டிய பெயர்.

நம் யூனிட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. ஷெட்யூலில் கட்டட வகை "கான்கிரீட்". ஆனால் பேல்களில் கொஞ்சம் பின்னால் தார்ப்பாய் கட்டிய கொட்டகையில் கிடந்தன. தீ பாலிசிகளில் ஓலை, மூங்கில், தார்ப்பாய் போன்றவற்றால் சுவரோ கூரையோ அமைந்தால் அது கச்சா கட்டடம். அதைச் சொல்லித்தான் காப்பீடு வாங்க வேண்டும். முதலாளிக்கு அது ஒரு நிழல், அவ்வளவுதான். கேட்டபோது, "அது கட்டடமே இல்லீங்களே" என்றார்.

அடுத்து வரும் தவறு, இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு விடுவது. "பாத்துக்கலாம் சார், அடுத்த ரினியூவல்ல சரி பண்ணிடலாம்" என்று சொல்பவரை நம்பிக் காத்திருக்காதீர்கள். ரினியூவலில் போன வருட ஷெட்யூலை அப்படியே நகலெடுப்பார்கள், தப்பும் சேர்ந்து வரும். திருத்தம் வேண்டுமானால், பாலிசியை மாற்றி நிறுவனம் எழுத்தில் கொடுக்கும் இணைப்பான எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். அதில் பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்த வரிக்குப் பதில் எந்த வரி என்று மூன்றும் இருக்க வேண்டும்.

நாங்கள் கேட்டு வாங்கிய வாசகம் இது: "துணி இருப்பு என்ற வரிக்குப் பதிலாக: (அ) காப்பீடு செய்தவருக்குச் சொந்தமான துணி, ரூ.25,00,000. (ஆ) ஜாப் ஒர்க்குக்காகப் பிறர் ஒப்படைத்து, காப்பீடு செய்தவர் பொறுப்பில் உள்ள துணி, ரூ.35,00,000. விலக்குப் பகுதியில் என்ன சொல்லியிருந்தாலும் (ஆ) இந்தப் பாலிசியில் அடங்கும்." கடைசி வாக்கியம் கமா பிரச்சினையைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. கொட்டகைக்கு எண்டார்ஸ்மென்ட் கேட்கவில்லை. முதலாளி அந்த வாரமே பேல்களை முதல் தளத்துக்கு ஏற்றிவிட்டு, காலிக் கொட்டகையைத் தேதியோடு போட்டோ எடுத்து அனுப்பினார். அதையும் பாலிசியோடு சேர்த்துக் கோப்பில் வைத்தேன்.