பெயர்ப்பலகையில் வி வெட்டு: பிட் கோணமும் எழுத்துக் கோடும்

பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துச் சாளை வாசலுக்கு "தென்றல் இல்லம்" என்று ஒரு பலகை செய்வதாக வைத்துக்கொள்வோம். 18 மிமீ தேக்கு, நீளம் 450, அகலம் 150. சிஎன்சி ரவுட்டரில் வி வடிவில் கூர்ந்த முனையுள்ள வி பிட் போட்டு எழுத்தைக் குழியாக வெட்டப் போகிறோம்.

முதலில் எழுத்துக் கோட்டின் அகலத்தை அளந்துவிடுங்கள். வி வெட்டில் ஆழத்தை நாம் தனியாகக் கொடுப்பதில்லை. கோட்டின் அகலமும் பிட்டின் கோணமும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன.

```
ஆழம் = (கோட்டு அகலம் / 2) / tan(கோணம் / 2)
```

நம் எழுத்தின் தடித்த கோடு 9 மிமீ. 90 டிகிரி பிட்டில் 4.5 மிமீ ஆழம் வரும், 60 டிகிரியில் 7.8 மிமீ. வாசலில் மழையும் புழுதியும் படும் பலகைக்கு 90 போதும். ஆழமான குழியில் புழுதி அடைந்தால் துடைப்பது சிரமம். கோடு 4 மிமீ மட்டும்தான் என்றால் 90 டிகிரி 2 மிமீ ஆழத்தில் நின்றுவிடும், எழுத்து எடுப்பாகத் தெரியாது. அங்கே 60 எடுங்கள்.

கையில் இருக்கும் பிட்டின் கோணத்தைத்தான் வெட்டுப் பாதை போடும் மென்பொருளில் கொடுக்க வேண்டும். 90 பிட்டை மாட்டிவிட்டு 60 என்று கொடுத்தால் அது 7.8 மிமீ இறங்கும். 9 மிமீ கோடு 12 மிமீக்கு மேல் விரிந்து, 'ன்', 'ற' வளைவுகளுக்கு நடுவே நிற்க வேண்டிய மரம் பெயர்ந்து போகும்.

அடுத்தது எழுத்தின் வெளிக்கோடு. படத்தை ட்ரேஸ் செய்து எடுக்காதீர்கள். ட்ரேஸ் செய்த கோட்டில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிறைய இருக்கும். வெட்டுப் பாதை மென்பொருள் அவை ஒவ்வொன்றையும் மூலை என்று எண்ணி பிட்டை அதை நோக்கி ஓட்டுவதால், சுவர் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். இன்க்ஸ்கேப்பில் Noto Sans Tamil Bold போன்ற யூனிகோட் எழுத்துருவில் நேராக அடித்து, Path > Object to Path கொடுங்கள். பிறகு Object > Ungroup, அதன்பின் Path > Union. எழுத்தும் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் Union அவற்றை ஒரே உருவாக்கும். விட்டுவிட்டால் எழுத்துக்குள்ளேயே குறுக்குக் கோடு ஓடும். View > Display Mode > Outline வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு உடனே தெரிந்துவிடும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது பலகையின் மட்டத்தில்தான். 90 டிகிரி பிட்டில் பலகை 0.5 மிமீ தாழ்ந்தால் எழுத்துக் கோடு 1 மிமீ மெலியும். இடது ஓரத்தில் பிட் முனை பலகையைத் தொடும் உயரத்தை இசட் பூஜ்யமாக வைத்து வெட்டும்போது வலது பக்கம் அந்த அளவு தாழ்ந்திருந்தால், "தென்றல்" தடிப்பாகவும் "இல்லம்" ஒல்லியாகவும் வரும். அதனால் பலகையை இழைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு நான்கு மூலையிலும் நடுவிலும் பிட் முனையை இறக்கிப் பாருங்கள். இறுக்கும்போதே பலகை வளைவதும் உண்டு. உப்புத்தாள் வேலையையும் முன்பே முடித்துவிடுங்கள். வெட்டிய பின் 0.5 மிமீ தேய்த்தாலும் எழுத்து அதே 1 மிமீ மெலியும்.

அதே மரத்துண்டின் மிச்சத்தில் 'ல்' ஒன்றை மட்டும் வெட்டி, மேல்வாய் அகலத்தை வெர்னியரில் அளங்கள். 9 வந்தால் பலகையை ஏற்றலாம். 8 வந்தால் இசட் பூஜ்யம் 0.5 மிமீ உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு இறக்கி மறுபடி வெட்டிப் பாருங்கள்.