பழைய பேராசிரியரிடம் கடிதம் கேட்கும் அந்த ஒரு வரி

"சேர் எனக்கு ஒரு ரெபரன்ஸ் லெட்டர் வேணும், வெள்ளிக்கு முதல் அனுப்பி விடுங்கோ."

கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன் பழைய பேராசிரியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி வைத்திருந்த வரி இது. அறிவியல்நகர் விவசாய பீடத்தில் படித்து முடித்து மூன்று வருடமாகிறது. அனுப்ப முதல், "அண்ணா, இது சரிதானே?" என்று போனை நீட்டினாள்.

அவள் மரியாதை இல்லாமல் எழுதவில்லை. 'சேர்' இருக்கிறது, 'விடுங்கோ' இருக்கிறது. நேரில் போய் நின்று இதையே சொன்னால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். எழுத்தில் அவளுடைய முகமும் குரலும் போய்விடுகின்றன. மிஞ்சுவது 'வேணும்' என்ற சொல்லும் ஒரு கெடுவும்தான்.

இதைத் திருத்தச் சொன்னால் பலரும் முதலில் 'தயவுசெய்து' சேர்ப்பார்கள். அவளும் அதைத்தான் செய்தாள்: "தயவுசெய்து வெள்ளிக்கு முன் அனுப்பி வைக்கவும்." இது முன்னதைவிட மோசம். 'வைக்கவும்', 'அனுப்பவும்' எல்லாம் அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவித்தலின் நடை. 'வரிசையில் நிற்கவும்' என்பதும் இதே வகைதான். முன்னால் எத்தனை 'தயவுசெய்து' போட்டாலும் கட்டளை கட்டளையாகவே இருக்கும்.

வினையைக் கேள்வியாக மாற்றினால்தான் அது வேண்டுகோளாகும். "எழுதித் தர முடியுமா?" என்று கேட்கலாம். "எழுதித் தரத் தங்களுக்கு வசதிப்படுமா?" என்பது இன்னும் நல்லது. மறுப்பதற்கு அது ஒரு வழி விடுகிறது: 'இப்போது நேரமில்லை' என்று அவர் சங்கடப்படாமல் சொல்லலாம். அந்த வழி கேட்பவருக்கும் தேவை. உங்களைச் சரியாக நினைவில்லாத ஒருவர், மறுக்கமுடியாமல் எழுதித் தரும் கடிதத்தில் 'ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. தெரிவுக்குழு அதை வாசித்தவுடனேயே விளங்கிக்கொள்ளும்.

மறுபக்கம் சாய்வதும் பிழைதான். 'தங்கள் பாதம் பணிந்து' என்று தொடங்கினால், படித்த ஒருவருக்குக் கூச்சமாக இருக்கும். 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்' போதும். ஆனால் பதவியைச் சரிபாருங்கள். நீங்கள் படித்த காலத்தில் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்தவர் இப்போது பேராசிரியராகியிருக்கலாம். பீடத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். 'தங்கள்' என்று தொடங்கினால் கடைசிவரை 'தங்கள்'தான். நடுவில் 'உங்கட' வரக்கூடாது. 'முன்கூட்டியே நன்றி' வேண்டாம், அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

அப்புறம், நீங்கள் யார்? இதை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். வருடத்துக்கு ஒரு அணி வந்து போகும் இடத்தில் பெயரை மட்டும் வைத்து எவரையும் நினைவுகூர முடியாது. அணி, செய்த ஆய்வு, அதில் அவருடைய பங்கு, இந்த மூன்றும் இரண்டு வாக்கியத்தில் வந்துவிடும்.

கெடுவையும் மாற்றினோம். வெள்ளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி நவம்பர் 20. அதற்கு இன்னும் நான்கு கிழமை இருந்தது. வெள்ளி என்பது அவளாக வைத்துக்கொண்ட நாள். உண்மையான திகதியைச் சொல்லி, குறைந்தது இரண்டு மூன்று கிழமை விட வேண்டும்.

கடைசியில் மின்னஞ்சலில் போனது இது:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் 2016/2017 அணி மாணவி. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெற்செய்கை பற்றிய என் இறுதியாண்டு ஆய்வைத் தங்கள் வழிகாட்டலில் செய்தேன். பேராதனையில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். நவம்பர் 20க்கு முன் ஒரு பரிந்துரைக் கடிதம் தேவைப்படுகிறது. எழுதித் தரத் தங்களுக்கு வசதிப்படுமா? வசதிப்பட்டால் பெறுபேறுகளையும் ஆய்வுச் சுருக்கத்தையும் உடனே அனுப்பி வைக்கிறேன்."

கீழே முழுப்பெயர், பதிவெண், தொலைபேசி இலக்கம்.

ஒரு வரி இவ்வளவு நீண்டுவிட்டதே என்று அவள் யோசித்தாள். ஆனால் ஒரு வரி வந்திருந்தால், யார், எந்தப் படிப்பு, எப்போது என்று அவர் மூன்று தரம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கிழமையாகப் பதில் வரவில்லை. 'பார்த்தீர்களா சேர்?' என்று எழுதப் போனாள். அது கணக்குக் கேட்பது போல இருக்கும். அதே மின்னஞ்சலுக்குக் கீழே, "தங்கள் வேலைகளுக்கிடையில் இதை நினைவூட்டுவதற்கு மன்னிக்கவும், திகதி நவம்பர் 20" என்று மட்டும் எழுதினாள். அன்று பின்னேரமே பதில் வந்தது: "நல்ல ஆய்வு அது, நினைவிருக்கிறது. உமது பெறுபேறுகளை அனுப்பும்."

அந்த 'உமது' ஆசிரியர் மாணவிக்குச் சொல்லும் வாஞ்சைச் சொல். பதிலில் அவள் 'தங்கள்' என்றே எழுதி, கோப்பு இரண்டையும் இணைத்து அனுப்பினாள்.