வில்லங்கம் இல்லை என்ற தாளை வைத்து வீடு வாங்காதீர்கள்

போன மாதம் ஓர் இளம் தம்பதி என் மேசைக்கு வந்தார்கள். முதல் வீடு. மூன்று லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டு, விற்பனை ஒப்பந்தம் எழுத வந்திருந்தார்கள். "சார், ஈ.சி. போட்டுட்டோம், முப்பது வருஷத்துக்கு நில்" என்று அந்தப் பெண் நிம்மதியாகத் தாளை நீட்டினார். ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. அவர் நீட்டியது படிவம் 16, அதாவது நில், வில்லங்கம் எதுவும் இல்லை என்று சொல்வது. "விற்கிறவர் இந்த வீட்டை எப்போது வாங்கினாரும்மா?" என்று கேட்டேன். 2011 என்றார்.

அப்படியானால் அந்தத் தாள் நில்லாக வரவே முடியாது. 2011-இல் அவர் வாங்கிய கிரயப் பத்திரமே ஒரு பதிவுதான். முப்பது வருடத்தைத் தேடிய சான்றில் அது முதல் ஆளாக வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் வேறு ஏதோ எண்ணைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள் என்று பொருள்.

விற்பவர் பெயர் பட்டாவில் இருக்கிறதா, அளவு சரியா என்பதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அவற்றை விடுகிறேன். இருபது வருடத்துக்கு முன் நானே செய்து பணம் இழந்த தவறை இன்றும் வாரம் ஒருவர் செய்வதைப் பார்க்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டு, வேறு சில தவறுகளையும் சொல்கிறேன்.

வில்லங்கச் சான்றை ஒரே எண்ணுக்குப் போடுவது

வில்லங்கம் என்றால் சொத்தின் மேல் இன்னொருவருக்கு இருக்கும் பிடி. அடமானம், ஏற்கெனவே போட்ட விற்பனை ஒப்பந்தம், நீதிமன்ற ஜப்தி போன்றவை. சார்பதிவாளர் அலுவலகம் சொத்து நல்லதா என்று ஆராய்ந்து சான்று தருவதில்லை. நீங்கள் கொடுத்த கிராமம், சர்வே எண், காலம் ஆகியவற்றுக்குத் தன் அட்டவணையில் என்ன பதிவாகியிருக்கிறதோ அதை எடுத்துத் தருகிறது. தப்பான எண்ணைக் கொடுத்தால் அந்தத் தப்பான எண்ணுக்கு மிகச் சரியான பதில் கிடைக்கும்.

என் கதை இதைவிட நுட்பமானது. 2004-இல் புறநகரில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். அப்போது இந்தத் தொழில் எனக்குத் தெரியாது. பத்திரத்தில் சர்வே எண் 85/2பி. அந்த எண்ணுக்கு 1991 முதல் 13 வருடத்துக்கு ஈ.சி. போட்டேன். 2001-இல் விற்பவர் வாங்கிய கிரயம் மட்டும் வந்தது. எல்லாம் பொருந்துகிறது என்று நம்பிப் பதிவு செய்தேன்.

மூன்று வருடம் கழித்து மாடி கட்டக் கடன் கேட்டபோது, வங்கியின் வழக்கறிஞர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்த எண் உட்பிரிவு ஆனது எப்போது?" 1999-இல். அதற்கு முன் அந்த 40 சென்ட் மொத்தமும் 85/2. அந்தத் தாய் எண்ணுக்கு ஈ.சி. போட்டால், 1996-இல் பழைய நில உரிமையாளர் ஒரு தனியாரிடம் மொத்த இடத்தையும் அடமானம் வைத்த பத்திரம் இருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் எங்கேயும் பதிவாகவில்லை. நான் பார்த்த 13 வருடத்துக்குள்தான் அந்த அடமானம் இருந்தது. எண் வேறு என்பதால் என் தாளில் ஏறவில்லை. கடன் கொடுத்தவர் உயிரோடு இருந்தார், கணக்கும் வைத்திருந்தார். ரசீதுப் பத்திரம் எழுதி வாங்க என் கையிலிருந்து 1,80,000 ரூபாய் போனது. மாடிக்காகச் சேர்த்த பணம் அது. நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. தாய் எண்ணுக்கும் ஒருமுறை தேடியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. விற்பவரின் பத்திரத்தையும், அவருக்கு முந்தைய தாய்ப் பத்திரங்களையும் எடுத்து, சொத்து விவரப் பகுதியில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சர்வே எண், உட்பிரிவு எண், நகரப் பகுதி என்றால் நகர சர்வே எண்ணான டி.எஸ். எண், எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். tnreginet.gov.in தளத்தில் காசு கட்டாமலேயே பார்க்கலாம். அங்கே கிடைக்காத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். உங்கள் கிராமம் நடுவில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும்.

13 வருடம் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடமானம் வைத்தவர் சொத்தை மீட்க வழக்குப் போடச் சட்டம் 30 வருடம் தருகிறது. வங்கிகளும் பொதுவாக 30 வருடம் கேட்கின்றன.

இவ்வளவு தேடினாலும் ஈ.சி.யில் வராதவை உண்டு. பதிவு செய்யாத உயில், பங்கு கேட்காமல் இருக்கும் வாரிசு, அசல் பத்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாங்கிய கடன். கடைசியாகச் சொன்னதற்கு நான் கண்ட ஒரே வழி, முன்பணத்துக்கு முன்பே அசலைக் கையில் வாங்கிப் பார்ப்பது. "அசல் லாக்கர்ல இருக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்குத் தர்றேன்" என்றால் அன்றைக்கே பணமும் கொடுங்கள்.

அந்தத் தம்பதிக்குப் பழைய சர்வே எண்ணில் அன்றே தேடிக் காட்டினேன். அவர்கள் கொடுத்திருந்தது புதிய டி.எஸ். எண். பழைய எண்ணில் நான்கு பதிவுகள் வந்தன. 2011 கிரயம், அதற்கு முந்தைய கிரயம், ஓர் அடமானம், அதற்கான ரசீது. அவர்களுக்கு நல்ல நேரம்.

சதுர அடி விலையை வைத்து அடுக்குமாடி வீடுகளை ஒப்பிடுவது

எந்தச் சதுர அடி என்று கேட்காமல் விலை பேச முடியாது. கார்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி உள் தடுப்புச் சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, குழாய் இறங்கும் குழி ஆகியவை சேரா. வெளிச்சுவரையும் பால்கனியையும் கூட்டினால் பில்ட்-அப். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதையில் உங்கள் பங்கையும் கூட்டினால் சூப்பர் பில்ட்-அப். விளம்பரத்தில் பெரும்பாலும் வருவது இந்தக் கடைசி எண்தான்.

ஒரு வீடு 1,000 சதுர அடி, அடிக்கு 6,500 ரூபாய் என்கிறார்கள். மொத்தம் 65 லட்சம். இன்னொன்று 900 சதுர அடி, அடிக்கு 7,000 ரூபாய், மொத்தம் 63 லட்சம். முதலாவது மலிவு என்று தோன்றும். முதல் வீட்டின் கார்பெட் 700, இரண்டாவதன் கார்பெட் 690 என்று வையுங்கள். இப்போது அடிக்கு முதலாவது சுமார் 9,290, இரண்டாவது 9,130. பத்து சதுர அடி கூடுதலுக்கு இரண்டு லட்சம் கொடுக்கிறோம். கட்டுநரிடம் கார்பெட் அளவை எழுத்தில் வாங்குங்கள். ரெரா எனப்படும் அந்த 2016 சட்டத்தின்கீழ் பதிவான திட்டம் என்றால் ஒப்பந்தத்தில் அது இருந்தே ஆக வேண்டும்.

பிளிந்த் என்ற சொல்லை ஒரே பொருளில் எடுப்பது

மதிப்பீட்டாளர் பிளிந்த் ஏரியா என்றால் அந்தத் தளத்தில் சுவர்க் கனமும் சேர்ந்த பரப்பு. கொத்தனார் பிளிந்த் என்றால் தரை மட்டத்துக்கு மேல் எழுப்பிய அடித்தளம். நம் ஊரில் அதையே பேஸ்மட்டம் என்போம். தனி வீடு பார்க்கப் போனால் இந்த இரண்டாவதை அளந்து பாருங்கள். சுற்றுத் தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அதையும் தெரு மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். நம் தெருக்களில் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டு உயர்த்திவிடுகிறார்கள். இரண்டு தடவை போட்டால் வாசற்படி ஒன்று காணாமல் போகும், அடுத்த மழையில் தண்ணீர் கூடத்துக்குள் நிற்கும்.

யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்காதது

அடுக்குமாடியில் உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு அதுதான். பத்திரத்தில் சதுர அடியில் எழுதியிருக்க வேண்டும்.

ஒப்பந்தம் பதிவாகும் முன் அள்ளிக் கொடுப்பது

ரெரா திட்டத்தில் ஒப்பந்தம் பதிவாகும் முன் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் கேட்கவே கூடாது.