குளிப்பாட்ட ஒரு மக்கு போதும்

என் மகளுக்கு இரண்டரை வயது. குளியலறைப் பக்கம் திரும்பினாலே கட்டில் காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிய நாள்களில் அழுகை தெருமுனை வரை கேட்கும். இப்போது அவளைக் குளிப்பாட்டுவது நானல்ல, தண்ணீர் மொள்ளும் மக்கு. பெயருக்கேற்ற மக்கு.

1. குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். வெந்நீரை விளாவி முழங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுவில் எழுந்து போனால் விளையாட்டு கலைந்துவிடும். அதைவிட முக்கியம், தண்ணீர் இருக்கும் இடத்தில் குழந்தையை ஒரு நொடிகூடத் தனியே விடக் கூடாது.

2. காலி மக்கை எடுத்துக்கொண்டு குழந்தை இருக்கும் இடத்துக்குப் போங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மக்கே பேசுவதுபோல் பேசுங்கள். அடித்தொண்டையில் உறுமினால் பூச்சாண்டி ஆகிவிடும். “குளிக்க வா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

“யாரையோ குளிப்பாட்டச் சொன்னார்களே... இவரைத்தானா?” என்று மக்கு செருப்பின் மேல் கவிழ வேண்டும்.

“அது செருப்பு!” என்பாள்.

“அப்படியா? அப்படியானால் இவரா?” என்று தலையணைக்குப் போகும்.

இங்கே அவசரப்படாமல் வாயை மூடிக்கொண்டு ஐந்து எண்ணுங்கள். முட்டாளைத் திருத்துவதில்தான் குழந்தைக்குக் குஷி. என் மகள் மூன்றாவது தவறிலேயே பொறுக்கமாட்டாமல், “நான்தான் குளிக்கணும்!” என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

3. காலிலிருந்து தொடங்குங்கள். முழங்காலை மூக்கு என்றும், முதுகை வயிறு என்றும் மக்கு உளறட்டும்; அவள் திருத்தத் திருத்தத் தண்ணீர் மேலே ஏறும். தலை கடைசியில். “கூரையில் பல்லி என்ன செய்கிறது?” என்று கேட்டால் முகவாய் தானாக நிமிரும். அப்போது உங்கள் உள்ளங்கையை அவள் நெற்றியில் அணைபோல் வைத்து, பின்பக்கமாக ஊற்றுங்கள். கண்ணில் நீர் பட்டுவிட்டால் மக்கு உடனே மன்னிப்புக் கேட்க வேண்டும்; அன்றைக்குத் தலையை விட்டுவிடுங்கள்.

தோளைக் குறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினால் அது சிரிப்பல்ல, பயம். குரலை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகப் பேசுங்கள். தூக்கக் கலக்கத்திலும் காய்ச்சலிலும் எந்தக் கோமாளித்தனமும் எடுபடாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போயிற்று.

இதே வித்தை இட்லிக்கும் பலிக்கும். ஆனால் இட்லி பேசுவதெல்லாம் தட்டில் இருக்கும்போது மட்டும். வாய்க்குள் போனதும் நீங்கள் ஊமையாகிவிட வேண்டும். வாய் நிறையச் சோற்றோடு சிரித்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நான்கைந்து நாளில் மக்கு சலித்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ஜலதோஷம் என்று சொல்லி சோப்பு டப்பாவைப் பேசவைத்தேன்.

4. குளித்து முடித்ததும் மக்கு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போக வேண்டும். முதல் நாள் இதைச் செய்ய மறந்தேன். வெளியே வரமாட்டேன் என்று குளியலறைக் கதவைக் கட்டிக்கொண்டாள்.