பணம் போனது, பங்கு எங்கே?

அக்கா மகள் வெள்ளிக்கிழமை 200 ரூபாய் விலையில் 100 பங்குகள் வாங்கினாள். கணக்கில் கழிந்தது சுமார் 20,047 ரூபாய். அன்றைய தேதியிட்ட டீமேட் இருப்பு அறிக்கையிலோ அந்தப் பங்கே இல்லை. பதறிப்போய், "மாமா, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

வாங்கிய விவரத்தோடு தரகர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறக்கச் சொன்னேன். முதலில் பார்க்க வேண்டியது, பங்கு கைமாறி முடியும் செட்டில்மென்ட் தேதி. இங்கே வழக்கமான முறை டி+1, அதாவது அடுத்த வேலை நாள். சனி, ஞாயிறு கணக்கில் வராததால் அதில் திங்கட்கிழமை என்றிருந்தது. இடையில் செட்டில்மென்ட் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும்.

பிறகு அந்த 47 ரூபாய். தரகு 20. பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதுவும் 20. முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 3 ரூபாய். மீதி எக்ஸ்சேஞ்ச், செபி கட்டணங்களும் ஜிஎஸ்டியும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றாலும் தரகுக்கும் இந்தக் கட்டணங்களுக்கும் மட்டும்தான். பங்கின் விலைக்கு இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை.

திங்கள் இரவு, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரியின் தளத்திலேயே பார்த்தோம். கான்ட்ராக்ட் நோட்டில் இருந்த அதே ஐஎஸ்ஐஎன் என்ற அடையாள எண்ணில் 100 பங்குகள் ஏறியிருந்தன. விற்கும்போது, டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியே போவதற்கான டிபி கட்டணம் தனியாக வரும் என்றும், அதை கான்ட்ராக்ட் நோட்டில் தேடாமல் தரகரிடம் உள்ள வரவு செலவுக் கணக்கான லெட்ஜரில் பார் என்றும் சொல்லிவைத்தேன்.